முடிவுகள் ஆலோசனை கூறுவதில்லை

ஆங்கில ஆய்வுக் கட்டுரையொன்றை மாணவர் படித்து முடித்த பின் அதன் பக்கங்களைப் புரட்டினால், அவர் எவ்வாறு படித்தார் என்பது தெரிந்துவிடும். தெரியாத ஒவ்வொரு சொல்லின் தலைமேலும் பென்சிலால் ஒரு தமிழ்ச் சொல்லோ இந்திச் சொல்லோ வங்கச் சொல்லோ அமர்ந்திருக்கும். பக்கத்துக்கு முப்பது சொற்கள், முப்பது நிகரன்கள். இந்தியப் பல்கலைக்கழகங்களில் இதற்கு ஆழ்ந்த வாசிப்பு என்று பெயர். உண்மையில் இது வாசிப்பை ஒத்திவைக்கும் வேலை. ஆய்வுத்துறையில் கேடு விளைவிக்கும் வேலையும் கூட.

கேடு எங்கே நிகழ்கிறது என்பதை ஒரே சொல்லைக் கொண்டு காட்டலாம். ‘சஜெஸ்ட்’ என்ற வினை இடம்பெறாத ஆய்வுக் கட்டுரை அரிது. இருமொழி அகராதியையோ கைப்பேசியில் உள்ள மொழிபெயர்ப்புச் செயலியையோ திறந்தால் முதலில் கிடைப்பது ‘ஆலோசனை கூறு’, ‘பரிந்துரை செய்’ என்பவையே. இரண்டும் தவறல்ல. ஆனால் மாணவர் முன் இருக்கும் வாக்கியம் ‘தி ரிசல்ட்ஸ் சஜெஸ்ட் தட்...’ என்று தொடங்குகிறது. ஆய்வு முடிவுகள் யாருக்கும் ஆலோசனை கூறுவதில்லை. பொருள் பொருந்தவில்லை என்று உணரும் மாணவர், சூழலைப் பார்த்துத் தாமாகவே ‘முடிவுகள் நிரூபிக்கின்றன’ என்று எழுதிக்கொண்டு நகர்ந்துவிடுகிறார்.

தவறு இங்கேதான் உறைகிறது. ‘சஜெஸ்ட்’, ‘ஷோ’, ‘ப்ரூவ்’ ஆகிய மூன்றும் ஆங்கில ஆய்வு நடையில் மூன்று வேறு உறுதிநிலைகள். முதலாவதைத் தேர்ந்த ஆசிரியர், ‘இவ்வாறு கருத இடமிருக்கிறது, இதற்குமேல் பொறுப்பேற்க முடியாது’ என்று சொல்லியிருக்கிறார். மாணவரின் குறிப்பேட்டில் அந்தத் தயக்கம் அழிந்து, அது நிறுவப்பட்ட உண்மையாகிவிடுகிறது. குறிப்பேட்டிலிருந்து அது ஆய்வேட்டின் முன்னாய்வுப் பகுதிக்குச் செல்கிறது. அடுத்துவரும் ஆய்வாளர் மூலக் கட்டுரையைத் தேடாமல் அந்த ஆய்வேட்டையே மேற்கோள் காட்டுகிறார்.

இதே சொல்லைக் கற்போருக்கான ஆங்கில–ஆங்கில அகராதியில் பார்ப்பவருக்கு மூன்று செய்திகள் கிடைக்கின்றன. எளிய சொற்களால் ஆன வரையறை, சொல் வாக்கியத்தில் அமையும் முறையைக் காட்டும் இலக்கணக் குறிப்பு, எடுத்துக்காட்டு வாக்கியம் என்பன அவை. பெரும்பாலோர் வரையறையை மட்டும் படித்து அகராதியை மூடிவிடுகிறார்கள். தொடங்க வேண்டியது இலக்கணக் குறிப்பிலிருந்து. ‘முடிவுகள்’ என்ற அஃறிணை எழுவாயும் அதன்பின் ‘தட்’ தொடரும் இருப்பதைக் கண்டு, அதே அமைப்புடைய எடுத்துக்காட்டைத் தேடினால், ‘ஒன்று உண்மையாக இருக்கலாம் என எண்ணச் செய்தல்’ என்ற பொருளில் கண் தானாக நிற்கும். அந்த வரையறையை மூல வாக்கியத்தில் பொருத்திப் பார்க்க வேண்டும். வாக்கியம் நின்றால் பொருள் சரி. தடுமாறினால் தேர்ந்தது வேறொரு பொருள்.

எழுதும்போது இந்த வேறுபாடு இன்னும் கூர்மையாகிறது. தமிழில் ‘எனக்கு ஒரு நூலைப் பரிந்துரையுங்கள்’ என்பது பிழையற்ற வாக்கியம். அந்த அமைப்பே ஆங்கிலத்தில் ‘சஜெஸ்ட் மீ எ புக்’ என்று வந்து விழுகிறது. நிகரனைத் தந்த அகராதி இதைத் தடுக்கவில்லை. தடுக்கும் கருவியும் அதனிடம் இல்லை. கற்போர் அகராதியோ, ஆளைக் குறிக்கும் சொல் இந்த வினைக்குப்பின் ‘டு’ என்ற உருபோடுதான் வரும் என்று காட்டிவிடுகிறது. ‘எவிடென்ஸ்’ என்ற பெயர்ச்சொல்லும் இப்படித்தான். தமிழில் சான்று, சான்றுகள் என எண்ணலாம். ஆங்கிலத்தில் அது எண்ணப்படாத பெயர். ஆய்வேடுகளில் மலிந்திருக்கும் ‘எவிடென்சஸ்’ அறியாமையால் பிறந்தது என்பதைவிட மொழிபெயர்ப்பால் பிறந்தது என்பதே பொருந்தும். எண்ண முடியாமையைக் குறிக்கும் சிறிய ஓர் எழுத்து, தலைச்சொல்லின் அருகிலேயே அச்சாகியிருக்கிறது.

இக்கருவி இந்தியாவுக்கு அந்நியமானதும் அன்று. டாக்காவில் ஆசிரியப் பயிற்சிப் பணியில் இருந்த மைக்கேல் வெஸ்ட், வங்கத்து மாணவர்களின் ஆங்கில வாசிப்பை ஆராய்ந்து 1926-இல் நூல் வெளியிட்டவர். அவரும் எண்டிகாட்டும் 1935-இல் கொண்டுவந்த அகராதி, ஏறத்தாழ 24,000 பதிவுகளை வெறும் 1,490 சொற்களைக் கொண்டே விளக்கியது. ஜப்பானில் கற்பித்த ஹார்ன்பியும் அவருடைய தோழர்களும் 1942-இல் டோக்கியோவில் வெளியிட்ட அகராதி, வினைகளின் வாக்கிய அமைப்புகளை வகைப்படுத்தித் தந்தது. இன்று ஆக்ஸ்ஃபோர்டு பெயரில் விற்கும் மேல்நிலைக் கற்போர் அகராதியின் மூலம் அதுவே. தாய்மொழியல்லாத ஆங்கிலத்தைக் கற்பவர் எங்கே இடறுகிறார் என்பதை வகுப்பறையில் கண்டவர்களின் படைப்புகள் இவை. தாய்மொழியாளருக்கென எழுதப்பட்ட தடித்த அகராதியை மாணவர் கையில் திணித்துவிட்டு, ‘ஆங்கில–ஆங்கிலம் பயனில்லை’ என்று முடிவுகட்டும் பேராசிரியர்கள் இந்த வேறுபாட்டையே அறியாதவர்கள். அங்கே வரையறை, தலைச்சொல்லைவிடக் கடினமாக இருப்பது இயல்பு.

எதிர்வாதம் ஒன்றுக்கு மதிப்பளித்தாக வேண்டும். இருமொழி அகராதி விரைவாகப் பொருள் தருகிறது. தாய்மொழியைத் தடைசெய்வது காலனிய ஆசிரியரின் பழைய பிரம்பு என்பர். இரண்டும் உண்மையே. தாவரம், பறவை, நோய், கருவி போன்றவற்றின் பெயர்களுக்கு நிகரனே சிறந்தது. ‘ஹார்ன்பில்’ என்பதற்கு ‘பெரிய வளைந்த அலகுடைய பறவை’ என்று படித்துக் கற்பனை செய்வதைவிட ‘இருவாச்சி’ என்று அறிவதே அறிவு. வரையறைகளுக்குப் பயன்படும் ஏறத்தாழ 2,000 அடிப்படைச் சொற்கள் கைவராத மாணவருக்கு ஒருமொழி அகராதி ஒரு சுவர். விளக்கத்தில் உள்ள சொல்லுக்கும் விளக்கம் தேடி அவர் வட்டமடிப்பார். ஒரு விளக்கத்துக்குள் இரண்டு சொற்களைத் தேட நேர்ந்தால், அவர் இடைநிலை அகராதிக்கு இறங்குவதே முறை. பாட்டியா லௌஃபரும் லினோர் ஹதாரும் 1997-இல் வெளியிட்ட ஒப்பாய்வில், வரையறையையும் எடுத்துக்காட்டையும் தாய்மொழி நிகரனையும் ஒருங்கே தரும் அகராதியே பொதுவாக மேலான பயன் தந்தது. தமிழ்–தமிழ்–ஆங்கிலமாக 1992-இல் வந்த க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி, தமிழ் கற்கும் பிறமொழியாளருக்கு அத்தகைய துணையாகிறது.

ஆனால் இந்த ஆய்வு நிகரனுக்கு இடம் தருகிறதே தவிர, நிகரனோடு நின்றுவிட இடம் தரவில்லை. நிகரன் கடைசியில் வர வேண்டும். பத்தியை முழுதாகப் படித்து முடிக்கும்வரை அகராதி மூடியே இருக்கட்டும். வாதத்தைத் தாங்கும் சொல், மீண்டும் மீண்டும் வரும் சொல் என இரண்டு வகை மட்டும் தேடலுக்குரியவை. அவை பக்கத்துக்கு முப்பது இரா, நான்கைந்தே இருக்கும். அவற்றுக்கு அமைப்பு, எடுத்துக்காட்டு, வரையறை, தேவையானால் நிகரன் என்ற வரிசை போதும். மற்றவை தெரியாமலே கடந்துபோகட்டும்.

முதுகலை மாணவருக்கு ஆய்வுமுறையியல் கற்பிக்கும் துறைகள், மேற்கோள் குறிக்கும் முறைக்கும் அடிக்குறிப்பின் காற்புள்ளிக்கும் வாரக்கணக்கில் வகுப்பு நடத்துகின்றன. மேற்கோளாகும் வாக்கியத்தின் வினை எவ்வளவு உறுதியோடு பேசுகிறது என்பதை அறியும் வழிக்கு ஒரு மணி நேரமும் ஒதுக்குவதில்லை. காற்புள்ளி சரியாக விழுந்த பொய்யான மேற்கோள்கள் அப்படித்தான் உற்பத்தியாகின்றன.