கடைப் பெயருக்கு எண் பார்க்கும் முன் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பாருங்கள்



கொஞ்சம் நீளமான பதிவு. புதிதாகக் கடை திறக்க இருக்கும் தம்பிமாரும், அதைவிட முக்கியமாக அவர்களுடைய வாப்பாமாரும் பொறுமையாக வாசித்தால் சந்தோஷம்.

நம்ம ஊரில் இப்போது ஒரு வழக்கம் கூடிக்கொண்டு வருகிறது. கடைக்கு இடம் பிடிச்சாச்சு, அட்வான்ஸ் கட்டியாச்சு, சாமான் இறக்கியாச்சு. பெயர் வைக்கும் நேரம் வந்ததும் "எண் பார்க்கிறவரிடம் ஒருக்கா காட்டிட்டு வைப்போம்" என்கிறார்கள். சாத்திரம் பார்க்கக் கூடாது என்று சொல்லும் வீட்டிலேயே இது நடக்கிறது. கேட்டால், "இது சாத்திரம் இல்ல சேர், கணக்கு" என்கிறார்கள். கணக்கு என்றால் நான் பேசலாம்தானே. அதனால் கணக்காகவே பார்ப்போம்.

என்னிடம் படித்த ஒரு தம்பி போன மாதம் ஒரு தாளோடு வந்தார். ஆளை அடையாளம் தெரியக்கூடாது என்பதற்காகப் பெயரையும் திகதியையும் மாற்றி எழுதுகிறேன். கடைக்கு அவர் வைத்த பெயர் நூர் ஸ்டோர்ஸ். வியாபாரப் பெயரைப் பதிந்து, பில் புத்தகமும் அடித்துவிட்டார். அதற்குப் பிறகு வாப்பா அவரை எண் பார்க்கிறவரிடம் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார். வாப்பா ஏற்கெனவே ஒரு வியாபாரத்தில் நட்டப்பட்டவர். மகனுக்கும் அப்படி ஆகிவிடக் கூடாது என்ற பயம். அந்தப் பயத்தை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்தத் தாளில் இருந்த கணக்கை எல்லோரும் பார்க்க வேண்டும்.

முதலில் பிறவி எண். பிறந்த திகதி 17.08.1985 என்று வைத்துக்கொள்வோம். நாளை மட்டும் எடுத்துக் கூட்டினால் பிறவி எண் வரும்: 1+7 = 8. முழுத் திகதியையும் கூட்டினால் விதி எண்: 1+7+0+8+1+9+8+5 = 39, 3+9 = 12, 1+2 = 3. இந்தத் துறையில் எட்டாம் எண் என்றாலே ஒரு நடுக்கம். எட்டில் பிறந்தவர் 4, 8 வரும் பெயரைத் தொடக் கூடாது, 3, 5, 6 போன்ற எண்ணில் வைத்தால் நல்லது என்று தம்பியிடம் சொல்லியிருக்கிறார்கள்.

அடுத்தது பெயர் எண். இதற்குக் கடையின் பெயரை ஆங்கிலத்தில் எழுதி, ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் எண் கொடுத்துக் கூட்ட வேண்டும். நம்ம பக்கத்தில் அதிகம் பாவிக்கும் அட்டவணை கீரோ என்பவர் பரப்பியது. அயர்லாந்தில் பிறந்தவர், கைரேகையும் பார்த்தவர், சொந்தப் பெயர் வேறு. சால்தியர் முறை என்று அதற்குப் பெயர். அட்டவணை இதுதான்:

1 = A I J Q Y
2 = B K R
3 = C G L S
4 = D M T
5 = E H N X
6 = U V W
7 = O Z
8 = F P

9 என்ற எண் எந்த எழுத்துக்கும் இல்லை. இப்போது தம்பியின் கடை:

NOOR = 5+7+7+2 = 21
STORES = 3+4+7+2+5+3 = 24
மொத்தம் 45, 4+5 = 9

ஒன்பது சரிவராது என்று சொல்லி, கடைசியில் ஒரு H போடச் சொல்லியிருக்கிறார்கள். NOORH STORES. H-க்கு 5. மொத்தம் 50, 5+0 = 5. வியாபாரத்துக்கு மிக நல்ல எண்ணாம். வேலை முடிந்தது, காசும் கொடுத்தாச்சு.

இனி நான் தம்பியிடம் போட்டுக் காட்டிய கணக்கைச் சொல்கிறேன். இதே துறையில் இன்னொரு அட்டவணையும் இருக்கிறது. பைதகரஸ் முறை என்பார்கள். அதில் A முதல் I வரை 1 முதல் 9, திரும்ப J முதல் R வரை 1 முதல் 9, பிறகு S இலிருந்து திரும்ப 1. இன்டர்நெட்டில் தேடினால் அதிகம் வருவது இதுதான். அதில் பழைய பெயரைப் பாருங்கள்:

NOOR = 5+6+6+9 = 26
STORES = 1+2+6+9+5+1 = 24
மொத்தம் 50, 5+0 = 5

அதாவது தம்பி முதலில் வைத்த பெயருக்கே அந்த "மிக நல்ல" 5 இருந்திருக்கிறது. சரி, H போட்டுத் திருத்திய பெயர் இந்த அட்டவணையில் என்ன ஆகிறது? H-க்கு இங்கே 8. 50+8 = 58, 5+8 = 13, 1+3 = 4. எட்டில் பிறந்தவர் தொடவே கூடாது என்று சொன்ன அதே 4. ஓர் அட்டவணையில் கடையைக் காப்பாற்றிய எழுத்து, மற்ற அட்டவணையில் கடையைக் கெடுக்கிறது.

எந்த அட்டவணை சரி? இரண்டு பக்கமும் தங்களுடையதுதான் பழையது என்பார்கள். ஆனால் சால்தியரும் சரி பைதகரஸும் சரி, ஆங்கிலத்தில் எழுதியவர்கள் இல்லை. அவர்கள் காலத்தில் இந்த 26 எழுத்து வரிசையே இருக்கவில்லை. எங்கோ இருந்த எண்களைப் பிற்காலத்தில் ஆங்கில எழுத்துகள் மேல் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள்.

இங்கேதான் எனக்குப் பெரிய கேள்வி. நம்ம கடைப் பலகை மூன்று மொழியில் இருக்கிறது. சிங்களத்தில் ஒரு வரி, தமிழில் ஒரு வரி, ஆங்கிலத்தில் ஒரு வரி. H போட்டதால் தமிழ் வரி மாறவில்லை, சிங்கள வரி மாறவில்லை, ஆட்கள் வாயால் சொல்லும் பெயரும் மாறவில்லை. "நூர் கடையில வாங்கினேன்" என்றுதான் ஊரே சொல்லும். ஆக, மாறியது பெயர் இல்லை, ஆங்கில எழுத்துக்கூட்டல் மட்டும்தான். அந்த ஓர் எழுத்துதான் ரிஸ்க்கைத் தீர்மானிக்கிறது என்றால் தமிழ் வரிக்கும் சிங்கள வரிக்கும் ஒரு சக்தியும் இல்லையா?

பிறந்த திகதியும் அப்படித்தான். 17 என்பது ஆங்கில மாதத்தின் 17. ஹிஜ்ரிக் கணக்கில் அது வேறு நாள். மஃரிபுக்குப் பிறகு பிறந்தவர் என்றால் அதிலும் அடுத்த நாள். நம்ம மூத்தவர்களில் எத்தனை பேருக்குப் பிறப்புச் சான்றிதழில் உள்ள திகதிதான் உண்மையான திகதி? பிந்திப் பதிந்தவர்களும், ஸ்கூலில் சேர்க்கும்போது ஒரு திகதி போட்டவர்களும் உங்கள் வீட்டிலேயே இருப்பார்கள்.

"ஆனால் சேர், இன்னார் பெயரை மாத்தினார், பிறகுதான் கடை ஓடிச்சு" என்பார்கள். இருக்கலாம். மனிதர் எப்போது எண் பார்க்கப் போகிறார்? வியாபாரம் ஆகக் கீழே விழுந்திருக்கும் நேரத்தில். ஆகக் கீழே இருப்பது பெரும்பாலும் கொஞ்சமாவது மேலே வரும். அதோடு பெயரை மட்டுமா மாற்றுகிறார்? புதுப் பலகை, புது லைட், பெயின்ட், புதுச் சாமான், காலையில் நேரத்துக்குக் கடை திறத்தல் எல்லாம் சேர்ந்து வருகிறது. ஓடியதற்குக் காரணம் அந்த H என்று எப்படிப் பிரித்துச் சொல்வது? பெயரை மாற்றியும் மூடிய கடைக்காரர் அதைப் பற்றி யாரிடமும் சொல்வதில்லை. அதனால் நம் காதுக்கு ஒரு பக்கக் கதை மட்டும்தான் வருகிறது.

இன்னொரு கணக்கு. இலக்கங்களைக் கூட்டிக் கூட்டி ஒற்றை எண்ணாக்குவது, ஒன்பதால் வகுத்து மீதி பார்ப்பதுதான் (மீதி வராவிட்டால் 9). நம்ம ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கும் இது விளங்கும். வரக்கூடிய விடைகள் மொத்தம் ஒன்பது. அதில் 3, 5, 6 நல்லது என்றால், கண்ணை மூடிக்கொண்டு வைக்கும் பெயர்களிலும் ஏறத்தாழ மூன்றில் ஒன்று "பொருந்தும்". ஐந்து பெயர் எழுதிக்கொண்டு போனால் ஒன்றாவது பொருந்துவதற்கு 100க்கு 87 வாய்ப்பு. அதேபோல உங்கள் ஊர் மெயின் வீதியில் ஓடுகிற கடைகளையும் மூடிய கடைகளையும் எழுதிக்கொண்டு, மேலே உள்ள அட்டவணையை வைத்துக் கூட்டிப் பாருங்கள். நல்ல எண் இரண்டு பக்கமும் இருக்கும்.

சரி, ஓர் எழுத்துதானே, போட்டால் என்ன நட்டம் என்று கேட்கலாம். நட்டம் இருக்கிறது, அது எண்ணில் இல்லை. பதிவுச் சான்றிதழில் NOOR STORES, பலகையில் NOORH STORES என்று வைக்க முடியாது. பிரதேச செயலகத்துக்குப் போய்ப் பதிவைத் திருத்த வேண்டும். பிறகு வங்கிக் கணக்கு, ரப்பர் ஸ்டாம்ப், அடித்து வைத்த பில் புத்தகம் எல்லாம் மாற வேண்டும். அதற்குப் பிறகும் காசோலை எழுதுகிறவர் தன் காதில் கேட்டபடி NOOR STORES என்றுதான் எழுதுவார். கணக்கில் உள்ள பெயரோடு ஒத்துவரவில்லை என்று வங்கி திருப்பிவிட்டால் மாதக் கடைசியில் அலைவது யார்? ஃபோனில் தேடுகிறவரும் சாதாரண எழுத்தில்தான் தேடுவார். கண்ணுக்குத் தெரியாத ஒரு கெடுதிக்குப் பயந்து, கண்ணுக்குத் தெரிந்த ஒரு கரைச்சலை நாமே விலைக்கு வாங்குகிறோம்.

நம்மவர்கள் கடைசியாக ஒரு கேள்வி கேட்பார்கள்: "அப்ப 786?" அதுவும் எழுத்துக்கு எண் கொடுத்துக் கூட்டியதுதான், உண்மை. அரபு எழுத்துகளுக்கு அப்ஜத் முறையில் எண் கொடுத்து பிஸ்மியின் எழுத்துகளைக் கூட்டினால் 786 வரும். அதை எழுதலாமா கூடாதா என்பதை உலமாக்கள் சொல்லட்டும். ஆனால் அது ஒரு வசனத்துக்குப் பதிலாக எழுதிய சுருக்கம். யாருடைய நசீபையும் அது கணித்துச் சொல்லவில்லை. எழுத்தைக் கூட்டுவது வேறு, கூட்டி வந்ததைப் பார்த்து ரிஸ்க் வரும், வராது என்று தீர்ப்புச் சொல்வது வேறு. மார்க்கம் தடுக்கும் சகுனம் இந்த இரண்டாவதில்தான் இருக்கிறது.

நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்களும் பெயர் மாற்றியிருக்கிறார்கள். மாறு செய்பவள் என்ற கருத்துள்ள ஆஸியா என்ற பெயரை ஜமீலா, அழகானவள், என்று மாற்றினார்கள். அங்கே பார்க்கப்பட்டது கருத்து. கடைக்கும் அதே அளவுகோல் போதும். கருத்து நல்லதா? மூன்று மொழிக்காரரும் தடுமாறாமல் சொல்லலாமா? ஒருமுறை கேட்டவர் பிழையில்லாமல் எழுதுவாரா? அதே வீதியில் அதே பெயரில் இன்னொரு கடை இருக்கிறதா? இந்த நான்கையும் பார்த்துப் பதிந்துவிட்டு, மிச்ச நேரத்தைக் கொள்முதல் விலைக்கும் கடன் கொப்பிக்கும் கொடுங்கள். வாப்பாவின் பழைய வியாபாரம் படுத்தது பெயரினாலா, கடன் கொடுத்தது திரும்பி வராததினாலா என்று வாப்பாவிடமே கேளுங்கள். அந்த விடையில்தான் மகனுடைய கடைக்குப் பிரயோசனமான விஷயம் இருக்கிறது.

தம்பி இன்னும் முடிவெடுக்கவில்லை. பலகை அடிக்கிறவர் கேட்டுக்கொண்டிருக்கிறாராம். வாப்பா ஃபேஸ்புக் பார்க்கிறவர் என்று தம்பி சொன்னார். அதனால்தான் இவ்வளவும் எழுதினேன்.

எண் பார்த்துப் பெயர் வைத்தவர்கள், மாற்றியவர்கள் இருந்தால் உங்கள் அனுபவத்தைக் கீழே எழுதுங்கள். திட்டாமல் பேசுவோம். எல்லோருடைய வியாபாரத்திலும் அல்லாஹ் பறக்கத் செய்வானாக.