அரக்கு மாளிகையில் எரிந்த ஆறு பேர்

பாஞ்சாலி பேசிவிட்டாள். குந்தியும் காந்தாரியும் பேசிவிட்டார்கள். பாரதத்தைப் பெண் குரலில் திரும்பச் சொல்லும் நூல்களுக்கு இன்று குறைவில்லை. ஆனால் அவற்றில் பேசுகிறவர்கள் பெரும்பாலும் அரண்மனைப் பெண்கள். மூல நூலிலேயே பக்கம் பக்கமாகப் பேசியவர்கள்தான் அவர்கள். ஒரு சொல்கூடப் பேசாமல் எரிந்துபோன ஒருத்தியை எடுத்துக்கொண்டது வங்க எழுத்தாளர் மகாஸ்வேதா தேவியின் ‘குந்தியும் நிஷாதப் பெண்ணும்’ சிறுகதை.

அரக்கு மாளிகைக் கதை நமக்குத் தெரியும். பாண்டவர்களைக் கொளுத்தத் துரியோதனன் கட்டவைத்த வீடு; விதுரன் எச்சரித்தான்; சுரங்கம் வழியாகத் தப்பினார்கள். பாட்டி சொன்ன கதையில் இவ்வளவுதான். ஆதி பர்வத்தில் இன்னும் கொஞ்சம் இருக்கிறது. தப்பிக்கும் இரவில் குந்தி விருந்து வைக்கிறாள். ஐந்து மகன்களோடு ஒரு நிஷாதப் பெண் சோறு தேடி வருகிறாள். குடித்த மயக்கத்தில் ஆறு பேரும் அங்கேயே தூங்கிவிடுகிறார்கள். வீட்டுக்குத் தீ வைத்தவன் பீமன். மறுநாள் கரிந்த ஆறு உடல்களைப் பார்த்த ஊர், குந்தியும் பிள்ளைகளும் செத்துவிட்டார்கள் என்று அழுகிறது. அந்தச் சாவுக்கு அஸ்தினாபுரத்தில் ஈமச் சடங்கும் நடக்கிறது. நடந்தது குந்தியின் பெயரில்.

அவர்கள் விதியின் தூண்டுதலால் வந்ததாகக் காவியம் சொல்கிறது. ஆனால் அதே அத்தியாயத்தில், சற்று முன்னால், தருமன் தம்பிகளிடம் திட்டத்தைச் சொல்கிறான்: வீட்டைக் கொளுத்துவோம், காவலிருக்கும் புரோசனனை எரிப்போம், ஆறு உயிர்களை இங்கே போட்டுவிட்டு யார் கண்ணிலும் படாமல் போவோம். அவள் வாசலுக்கு வருவதற்கு முன்பே கணக்கு ஆறு! கிசாரி மோகன் கங்குலியின் பழைய ஆங்கில மொழிபெயர்ப்பு இந்த இடத்தை ‘நாம் ஆறு பேரும் ஓடிவிடுவோம்’ என்ற பொருளில் மாற்றியிருக்கிறது. மூலத்தில் இருப்பதை அவருக்கும் விழுங்க முடியவில்லை போலும்.

பழைய பனுவலைப் புதியது தொட்டுப் பேசுவதைப் பனுவலிடைத்தன்மை என்கிறார்கள். இந்தக் கதையில் அது நடப்பது அந்த விரிசலில்தான். போருக்குப் பிறகு திருதராஷ்டிரனோடும் காந்தாரியோடும் காட்டில் வாழும் குந்தி, கர்ணனைக் கைவிட்ட பாவத்தைத் தனிமையில் வாய்விட்டுச் சொல்கிறாள். சுற்றி நடமாடும் நிஷாதப் பெண்களுக்குத் தன் மொழி தெரியாது என்பது அவள் நினைப்பு. ஆனால் அவர்களில் ஒருத்தி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருக்கிறாள். ஒருநாள் வந்து, நீ நினைத்து அழுவது எங்கள் வழக்கத்தில் பாவமே இல்லை, உன் பெரிய பாவம் உனக்கு நினைவிலேயே இல்லை என்கிறாள். பேசுகிறவள் எரிந்தவளின் மருமகள்.

இந்த மருமகள் காவியத்தில் கிடையாது. ஆனாலும் அவளை வெறும் கற்பனை என்று தள்ள முடியாது. ஐந்து உடல்களும் பாண்டவர்களுடையவை என்று ஊர் நம்ப வேண்டுமென்றால் செத்தவர்கள் வளர்ந்த ஆண்களாக இருந்திருக்க வேண்டும். அப்படியானால் வீட்டில் மனைவிகள் காத்திருந்திருக்கலாம். காவியத்தின் சொந்தக் கணக்கைக் கூட்டிப் பார்த்தாலே இவள் வந்துவிடுகிறாள். மாமியாரையே ஆவியாக எழுப்பிப் பேசவைத்திருந்தால் இந்த வலு வந்திருக்காது.

அதே ஆதி பர்வத்தில் சில அத்தியாயங்களுக்கு முன்புதான் நிஷாதனான ஏகலைவன் கட்டைவிரலை இழக்கிறான். அவனுக்காவது பெயர் உண்டு. அவன் பெயரை நாம் மேடைதோறும் சொல்கிறோம். எரிந்த ஆறு பேரைப் பற்றி நம் மேடைகளிலும் யாரும் பேசி நான் கேட்டதில்லை.

எனக்கு ஒரு குறை உண்டு. கதை பெரும்பகுதி குந்தியின் மனத்துக்குள்ளேயே நடக்கிறது. நிஷாதப் பெண் பிற்பகுதியில் வந்து, சொல்லிவிட்டுப் போய்விடுகிறாள். அந்த இரவுக்குப் பிறகு அவர்கள் எப்படிப் பிழைத்தார்கள், யார் சோறு போட்டார்கள் என்பதையெல்லாம் நாம் அறிவதில்லை. எழுதியவர் பழங்குடிகளோடு நெடுங்காலம் களத்தில் நின்றவர். ஆனால் அவர்களில் ஒருவர் அல்லர். தெரியாத வீட்டுக்குள் நுழையாமல் வாசலிலேயே நின்ற நேர்மை என்றும் இதைச் சொல்லலாம். அந்த வீட்டுக்குள்ளிருந்து ஒருத்தி எழுதினால் குந்தி எத்தனை வரிக்கு வருவாள் என்று எனக்குப் பார்க்க வேண்டும்.

காவியத்தில் குந்தி சாவதும் தீயில்தான். அந்தக் காட்டுத் தீ, திருதராஷ்டிரனின் வேள்வி நெருப்பு காட்டில் விடப்பட்டதால் பரவியது என்று நாரதர் பின்னர் விளக்கி, அந்தச் சாவுக்கு ஒரு புனிதம் சேர்த்துவிடுகிறார். மகாஸ்வேதா அரக்கு மாளிகைத் தீயையும் இந்தத் தீயையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறார். தீ வரப்போவது காட்டு மக்களுக்கு முன்பே தெரியும். மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். இந்த முறை தப்பிக்கும் வழி தெரிந்தவர்கள் அவர்கள்.