இருபத்திரண்டு கைப்பேசிகள், ஒரே திரை

அலுவலகத்தில் மூத்தவர் ஒருவர் பணி ஓய்வு பெறுகிறார் என்றால் கேக், நினைவுப் பரிசு இவற்றோடு இப்போது ஒரு காணொளியும் கட்டாயமாகிவிட்டது. "ஆளுக்கு 20 வினாடி பேசி அனுப்புங்கள்" என்று புலனக் குழுவில் ஒரு செய்தி போட்டால் போதும், வந்து குவிந்துவிடும். குவிந்ததைத் தொகுக்கிறேன் என்று தலையாட்டியவருக்குத்தான் அதன்பிறகு தூக்கம் போகும்.

அம்பாங்கில் ஒரு கணக்கு அலுவலகத்தில் வேலை செய்யும் இளம்பெண் அப்படித்தான் தலையாட்டியிருக்கிறார். முப்பது ஆண்டுகளுக்கு மேல் அங்கே வேலை பார்த்த அக்கா ஒருவருக்குப் பிரியாவிடை. தமிழ், மலாய், சீனம், ஆங்கிலம் என்று நான்கு மொழிகளில் 22 துண்டுகள். "அண்ணே, என் கைப்பேசியில் எல்லாம் நல்லாத்தான் தெரியுது. அலுவலக டிவியில் போட்டால் பாதிப் பேர் முகம் கரைஞ்ச மாதிரி இருக்கு" என்றார்.

கோப்புகளின் பெயரைப் பார்த்ததுமே காரணம் புரிந்துவிட்டது. பலவற்றின் பெயரில் `WA0007`, `WA0012` என்று இருந்தது. ஆண்ட்ராய்டு கைப்பேசியில் பெயருக்குள் `WA` இருந்தால், அது புலனம் வழியாகச் சுருங்கி வந்தது என்று பொருள். புகைப்படம் அனுப்புவதுபோல் காணொளியை அனுப்பினால், வேகமாகப் போய்ச் சேரவேண்டும் என்பதற்காகப் புலனம் அதைச் சுருக்கிவிடும். கைப்பேசியில் சுமார் 20 எம்பி இருந்த துண்டு, இந்தப் பக்கம் 3 எம்பியாக வந்து இறங்கும். கையளவு திரையில் வித்தியாசம் தெரியாது. மண்டபத்துப் பெரிய திரையில் தலைமுடி, கண், சட்டைக் கோடு எல்லாம் கட்டம் கட்டமாக உடையும். அனுப்பும்போது `HD` என்பதைத் தொட்டால் ஓரளவு தேறும், ஆனாலும் சுருக்கம் சுருக்கம்தான்.

அதே புலனத்திலேயே வழியும் இருக்கிறது. இணைப்புக் குறியைத் தொட்டு, படங்களுக்குப் போகாமல் `Document` வழியாக அனுப்பினால், கோப்பு உள்ளது உள்ளபடியே வந்து சேரும். ஒரு கோப்பு 2 ஜிபி வரை போகலாம், நம் 20 வினாடிக்கு அது தாராளம். அந்தப் பெண் குழுவில் மறுபடியும் ஒரு செய்தி போட்டார்: "எடுத்த வீடியோவை அழித்துவிடாதீர்கள், `Document`ஆக இன்னொரு முறை அனுப்புங்கள்." இரண்டு நாளில் 22இல் 19 துண்டுகள் நல்ல தரத்தில் திரும்பி வந்தன. முகத்தைத் தெளிவாக்கும் செயலி எது என்று தேடி இரவைக் கழிப்பதைவிட இந்த ஒரு செய்தி மேல். அனுப்பும்போது போன நுணுக்கத்தை எந்தச் செயலியாலும் அப்படியே திரும்பக் கொண்டுவர முடியாது, ஊகித்து வரையத்தான் முடியும்.

அடுத்தது திசை. மண்டபத் திரை படுக்கையானது, 1920க்கு 1080 புள்ளிகள். துண்டுகளில் 14 நெட்டுக்குத்தாக எடுத்தவை. நெட்டாக இருப்பதைத் திரையின் உயரத்துக்குள் அடக்கினால் அகலத்தில் 608 புள்ளிகளைத்தான் பிடிக்கும். அதாவது திரையில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை, இரண்டு பக்கமும் கறுப்பு. கறுப்பு பிடிக்காமல் பலர் படத்தை இழுத்துப் பெரிதாக்கித் திரையை நிரப்புவார்கள். அப்போது உயரத்தில் மூன்றில் இரண்டு பங்கு வெட்டுப்பட்டு, நெற்றியும் தாடையும் காணாமல் போகும். அகலத்தை மட்டும் இழுத்தாலோ எல்லாரும் பூசணிக்காய்.

நாங்கள் செய்தது எளிது. அதே படத்தின் இன்னொரு பிரதியைப் பெரிதாக்கி, மங்கலாக்கிப் பின்னால் வைத்தோம். முன்னால் முழு உருவம், பக்கத்து வெற்றிடத்தில் பேசுபவரின் பெயரும் பிரிவும். மலாயிலும் சீனத்திலும் பேசியவர்களுக்கு அந்த அக்கா புரிந்துகொள்ளும்படி இரண்டு வரி தமிழும் அங்கேயே சேர்ந்தது. 608ஐ மூன்றால் பெருக்கினால் 1824 வருகிறதல்லவா? அதனால் கடைசியில் கையசைக்கும் காட்சிகளை மும்மூன்று பேராகப் பக்கம் பக்கமாக நிறுத்த முடிந்தது.

ஒரே ஒருவர் மட்டும் குப்புறக் கிடந்தார். கைப்பேசி எந்தப் பக்கம் மேலே இருக்கிறது என்பதைப் பதிவு தொடங்கும் நொடியில் குறித்துக்கொள்கிறது. நடுவில் திருப்பினாலும் அந்தக் குறிப்பு மாறாது. ஆகவே ஆளைத்தான் மென்பொருளில் திருப்பி நிறுத்தவேண்டும். அதைச் சேர்ப்பதற்கு முன்பே செய்துவிடுவது நல்லது, பிறகு செய்தால் பெயர்ப்பலகையும் சேர்ந்து சுழலும். ஐபோன் 12 அல்லது அதற்குப் பிந்தையவை வைத்திருப்போருக்கு இன்னொரு வேண்டுகோளும் உண்டு. கேமரா அமைப்பில் `HDR Video` என்பதை அணைத்துவிட்டு எடுக்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் சில மென்பொருளில் முகம் வெளிறிப்போகும்.

என் அனுபவத்தில் பார்வையாளர்கள் மங்கலான படத்தைப் பொறுத்துக்கொள்வார்கள். ஒலியை மன்னிக்கவே மாட்டார்கள். ஒருவர் கிசுகிசுப்பார், ஒலியைக் கூட்டுவோம், அடுத்தவர் "அக்கா!" என்று கத்த மண்டபமே துள்ளும்.

ஒலி அளவுகாட்டியின் உச்சியை மட்டும் பார்த்துச் சமன்செய்வது வழக்கமான தவறு. ஒரு துண்டில் பேச்சுக்கு முன் யாரோ கைதட்டியிருந்தார்கள். கைதட்டல் உச்சத்தைத் தொட்டதால், அந்தத் துண்டு போதிய சத்தமாக இருப்பதாக மென்பொருள் சொன்னது. பேச்சோ காதில் விழவில்லை. முதலில் கைதட்டலைத் தனியாக வெட்டித் தணித்து, பிறகு பேச்சை உயர்த்தினோம். மற்றவற்றுக்கு, சத்தத்தில் நடுத்தரமான ஒரு துண்டை அளவுகோலாக வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றையும் அதன் பக்கத்தில் நிறுத்தி, கண்ணை மூடிக் கேட்டு, ஏற்றி இறக்கினோம். சத்தத்தை அளந்து காட்டும் மென்பொருள் இருந்தால் எல்லாவற்றையும் `-16 LUFS` அளவுக்குக் கொண்டுவந்தாலும் சரி. அதன்பிறகும் காதால் ஒரு முறை கேட்கவேண்டும்.

ஏர்கண்டிஷன் இரைச்சல் வேறு தொல்லை. மெல்லிய குரலை உயர்த்தும்போது இரைச்சலும் கூடவே உயரும். இரைச்சல் நீக்கியை முழுதாகத் திருகினால் மனிதர் தண்ணீருக்குள்ளிருந்து பேசுவதுபோல் இருக்கும், பாதியோடு நிறுத்துங்கள். துண்டு மாறும்போது இரைச்சல் சட்டென்று வந்து சட்டென்று நிற்பதுதான் காதை உறுத்துகிறது. காணொளி முழுவதற்கும் அடியில் மெல்லிய வாத்திய இசையை ஓடவிட்டால் அந்தத் தையல் தெரியாது. எல்ஆர்டி ரயில் கடக்கும்போது எடுத்த துண்டுக்கு மட்டும் மருந்தில்லை. அவரை மறுபடியும் பேசச் சொன்னோம்.

மீதியிருந்த மூன்றில் இரண்டு, அசலை அழித்துவிட்டவர்களுடையவை. சுருங்கி வந்ததையே பெரிதாக்காமல் சேர்த்தோம். மூன்றாவது, அலுவலகத்தின் பழைய ஓட்டுநருடையது. டயாலிசிஸ் நாற்காலியில் இருந்தபடி, புலனத்தின் உள்ளேயே கேமராவைத் திறந்து 14 வினாடி பேசியிருக்கிறார். அப்படி எடுத்தால் சுருங்காத அசல் என்று ஒன்று பெரும்பாலும் மிஞ்சாது. மறுபடியும் எடுத்துத் தருமாறு அவரைக் கேட்க யாருக்கும் மனம் வரவில்லை. திரையின் நடுவில் அஞ்சலட்டை அளவுக்குச் சின்னதாக வைத்து, அவர் சொன்னதை வார்த்தை விடாமல் கீழே எழுதினோம். சின்னதாக வைத்தால் கட்டங்கள் தெரியாது, குரல் தளர்ந்த இடத்தில் எழுத்து கைகொடுக்கும். அந்த ஒரு இடத்தில் இசையையும் நிறுத்திவிட்டோம்.

முடிந்த காணொளி ஏழரை நிமிடம், சுமார் 550 எம்பி. விருந்துக்கு முந்திய நாளே மண்டபத்துக்குப் போய், அங்குள்ள மடிக்கணினியில், அங்குள்ள ஒலிபெருக்கியில், கடைசி வரிசையில் உட்கார்ந்து ஓட்டிப் பார்த்தோம். அக்காவுக்கு அதைப் புலனத்தில் அனுப்பவில்லை. பென்டிரைவில் போட்டு, கூடவே வெட்டாத 22 துண்டுகளையும் தனிக் கோப்புறையில் வைத்துக் கொடுத்தார் அந்தப் பெண்.