மாசக் கணக்கு போட்டா ஓவர்டைம் காணாமப் போகும்

சங்கரன்கோவில் பக்கம் ஒரு ஸ்பின்னிங் மில்லில் மெயின்டனன்ஸ் வேலை பார்க்கும் தம்பி ஒருத்தர், 2025 ஜூன் மாச அட்டெண்டன்ஸ் ஷீட்டை எனக்கு அனுப்பியிருந்தார். மொத்தம் 210 மணி நேரம் வேலை. அப்பாயின்ட்மென்ட் ஆர்டரில், "மாதம் 208 மணி நேரத்துக்கு மேல் செய்யும் வேலைக்கு பேசிக் அடிப்படையில் ஓவர்டைம்" என்று ஒரு வரி. அதனால் 2 மணி நேரத்துக்கு 75 ரூபாய் வீதம் 150 ரூபாய் கொடுத்திருக்காங்க. "அண்ணா, இது சரியா?"ன்னு கேட்டார்.

சரியில்லை. அந்த 208 மணி நேர வரியே தப்பு என்பதுதான் என் கருத்து. 1948ஆம் வருஷத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 59ஆவது பிரிவு மாசத்தைப் பார்க்கவே இல்லை. ஒரு நாளில் 9 மணி நேரத்தைத் தாண்டினாலோ, ஒரு வாரத்தில் 48 மணி நேரத்தைத் தாண்டினாலோ, தாண்டிய நேரத்துக்கு ரெட்டைச் சம்பளம். ஆர்டரில் இதைவிடக் குறைவா எழுதிக் கையெழுத்து வாங்கினாலும் அது செல்லாது.

இப்போ ஷீட்டைப் பிரிப்போம். சட்டப்படி வாரம் என்பது சனிக்கிழமை நள்ளிரவில் தொடங்குது, அதாவது ஞாயிறு முதல் சனி வரை. ஜூன் 1 ஞாயிறு என்பதால் நமக்கு வேலை சுலபம். சாப்பாட்டு இடைவேளையைக் கழித்த நேரத்தைத்தான் எடுக்கணும். பஞ்சிங் மெஷின் காட்டும் உள்ளே, வெளியே நேரத்தை அப்படியே கூட்டிக் கேட்டா ஹெச்.ஆர். முதல் வரியிலேயே மடக்கிடுவாங்க.

முதல் வாரம் ஆறு நாளும் 8 மணி நேரம், ஓவர்டைம் இல்லை. இரண்டாவது வாரம்தான் சுவாரசியம். திங்கள் முதல் வியாழன் வரை தினமும் 11 மணி நேரம், வெள்ளியும் சனியும் காய்ச்சல்னு லீவு. வார மொத்தம் 44தான். ஆனா நாளுக்கு 2 வீதம் 8 மணி நேரம் ஓவர்டைம் வந்தாச்சு. பிறகு எடுத்த லீவு அதை அழிக்க முடியாது. மாசக் கணக்கு சத்தமில்லாம அழிச்சது இதைத்தான்.

மூணாவது வாரம் ஆறு நாளும் 9 மணி நேரம். எந்த நாளும் எல்லை தாண்டலை, ஆனா வார மொத்தம் 54, அதனால் 6 மணி நேரம். நாலாவது வாரம் நாலு நாள் 8, ரெண்டு நாள் 12, மொத்தம் 56. நாள் கணக்கில் 6, வாரக் கணக்கில் 8. ரெண்டையும் கூட்டி 14 கேட்கக் கூடாது, அந்த 6 இந்த 8க்குள்ளேயே இருக்கு. பெரியதை எடுங்க. மொத்தம் 8 + 6 + 8 = 22 மணி நேரம்.

ஷீட்டில் ஒரு வாரத்துக்கு ஒரு வரி, B முதல் H வரை ஞாயிறு முதல் சனி. லீவு நாளை "L" போடாம காலியா விடுங்க, இல்லைன்னா ஃபார்முலா எரர் காட்டும்.

```
=MAX(SUMPRODUCT((B2:H2>9)*(B2:H2-9)),SUM(B2:H2)-48,0)
```

அடுத்து ரேட். தம்பியின் பேசிக்கும் டி.ஏ.வும் 15,600, வீட்டு வாடகைப்படி 6,500, பயணப்படி 3,900, ஆக 26,000. 59ஆவது பிரிவு பேசிக்கோடு அலவன்ஸையும் சேர்க்கச் சொல்லுது, போனஸையும் ஓவர்டைம் சம்பளத்தையும் மட்டும் விட்டுடுது. வாடகைப்படி சேருமா என்பதில் ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலை ஊழியர்கள் பல வருஷம் வழக்காடினாங்க. சேரும்னு சென்னை உயர் நீதிமன்றம் சொன்னதை 2026 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. அப்போ 26,000ஐ 208ஆல் வகுத்தா மணிக்கு 125, ரெட்டிப்பா 250. இந்த 208 வெறும் 26 நாள், 8 மணி நேர வழக்கம், ரேட் கண்டுபிடிக்க மட்டும். 30 நாளால் வகுத்தா ரேட் இறங்கிடும், அதைக் கவனிங்க. 22 மணி நேரத்துக்கு 5,500 ரூபாய். கையில் வந்தது 150. பாக்கி 5,350.

இது பழைய சட்டக் கணக்கு. 2025 நவம்பர் 21இல் புது தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அமலுக்கு வந்தாச்சு. ரெட்டை ரேட் அப்படியே இருக்கு. நாள், வாரம் இரண்டில் தொழிலாளிக்குச் சாதகமானதை எடுக்கணும்னும் எழுதியே வச்சிருக்காங்க. ஆனா "ஊதியம்" என்பதில் வீட்டு வாடகைப்படியும் பயணப்படியும் வராது, அவை மொத்தத்தில் பாதியைத் தாண்டினா தாண்டின பகுதி மட்டும் சேரும். தம்பிக்கு அவை 40 சதவீதம்தான். அதனால் இதே 22 மணி நேரத்துக்கு இப்போ 150 வீதம் 3,300. என்னைக் கேட்டா இது தொழிலாளிக்குப் பின்னடைவு. பழைய மாச பாக்கியைக் கேட்கும்போது புது ரேட்டில் முடிக்கப் பார்த்தா ஒத்துக்காதீங்க.

கடைசியா, ஜூன் 30 திங்கள் 8 மணி நேரம் வேலை. அந்த வாரம் ஜூலை 5 வரை போகும். ஜூலை ஷீட் ஒண்ணாம் தேதியில் தொடங்கினா இந்த 8 மணி நேரம் எந்த வாரத்திலும் சேராம நிக்கும். ஜூலை கணக்கு கேட்கும்போது ஜூனின் கடைசி வரியையும் சேர்த்து அனுப்பச் சொல்லியிருக்கேன்.