அறுவடை இயந்திரத்துக்கு ஆண்டு முழுவதும் ஒரே வாடகை சரியா?

சம்பா அறுவடை தொடங்கியதும் டெல்டா மாவட்டங்களில் ஆண்டுதோறும் ஒரே சண்டை. இயந்திரம் கிடைக்கவில்லை, கிடைத்தாலும் மணிக்குக் கேட்கும் வாடகை கட்டுப்படியாகவில்லை என்று விவசாயிகள் சொல்கிறார்கள். டீசல் ஏறிவிட்டது, தவணை கட்ட முடியவில்லை என்கிறார்கள் உரிமையாளர்கள். மாவட்ட நிர்வாகம் இரு தரப்பையும் அழைத்துப் பேசி, செயின் வண்டிக்கு இவ்வளவு, டயர் வண்டிக்கு இவ்வளவு என்று மணி வாடகையை அறிவிக்கிறது. அறிவித்த மறுநாளே புரோக்கர் கமிஷன், லாரிக் கூலி, குறைந்தது இத்தனை மணி நேரம் என்று வேறு பெயர்களில் அதே பணம் கைமாறுகிறது.

வாடகை அதிகமா, குறைவா என்ற இடத்திலேயே இந்தப் பேச்சு நின்றுவிடுகிறது. தை மாதத்தில் ஒரு மணி நேரமும் ஐப்பசியில் ஒரு மணி நேரமும் ஒரே சரக்கா என்று யாரும் கேட்பதில்லை. இப்போது உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களும் குழுக்களும் சொந்தமாக இயந்திரம் வாங்கி வாடகைக்கு விடுகின்றன. அவற்றின் நிர்வாகிகளுக்கு இந்தக் கேள்விக்கான பதில் உடனடியாகத் தேவைப்படுகிறது.

இயந்திரச் செலவை இரண்டாகப் பிரித்துப் பாருங்கள். வண்டி ஷெட்டில் நின்றாலும் ஆகிற செலவு ஒன்று: தவணை, வட்டி, காப்பீடு, தேய்மானம், ஓட்டுநருக்கு மாதச் சம்பளம் என்றால் அதுவும். இதை நிலைச் செலவு என்போம். ஒரு மணி நேரம் கூடுதலாக ஓட்டினால் மட்டும் ஆகிற செலவு இன்னொன்று: டீசல், பேட்டா, ஆயில், பில்டர், கத்தி, ரப்பர் பெல்ட் தேய்வு. இது ஓட்டச் செலவு.

கணக்குக்காக ஒரு குழுவை எடுத்துக்கொள்வோம். அதனிடம் ஒரே ஒரு செயின் வண்டி இருக்கிறது. ஆண்டு நிலைச் செலவு 5,60,000 ரூபாய். மணிக்கு 9 லிட்டர் டீசல், லிட்டர் 93 ரூபாய் வீதம் 837 ரூபாய். ஓட்டுநர், உதவியாளர் பேட்டா மணிக்கு 200. ஆயில், கத்தி, பெல்ட் வகையில் 263. ஆக ஓட்டச் செலவு மணிக்கு 1,300 ரூபாய்.

சம்பா பருவத்தில் 40 நாள், நாளுக்கு 8 மணி நேரம். பனி விலகுவதற்குள் காலை 9, 10 மணி ஆகிவிடும் என்பதால் அதற்கு மேல் எதிர்பார்க்க முடியாது. ஈரத்தோடு அறுத்தால் கொள்முதல் நிலையத்தில் 17 சதவீத ஈரப்பதத்தில் நெல் நின்றுவிடும். எனவே சம்பாவில் 320 மணி நேரம்தான் உச்சவரம்பு. எவ்வளவு பேர் கேட்டாலும் 321ஆவது மணி நேரம் இந்த வண்டியிடம் கிடையாது. குறுவையிலும் கோடை நெல்லிலும் 160 மணி நேரம் ஓடும் என்று குழு எதிர்பார்க்கிறது. மொத்தம் 480 மணி நேரம். நிலைச் செலவை 480ஆல் வகுத்தால் 1,167. ஓட்டச் செலவையும் சேர்த்தால் 2,467. குழு அதைச் சற்றுக் குறைத்து, ஆண்டு முழுவதும் மணிக்கு 2,450 ரூபாய் என்று பலகை எழுதி வைக்கிறது. நியாயமான கணக்காகத்தான் தெரியும்.

குறுவை அறுவடை வருகிறது. அப்போது சம்பாவைப் போல நெருக்கடி இல்லை; பக்கத்து ஊர் வண்டிக்காரர் 2,000க்கு வருகிறேன் என்கிறார். நம் குழுவோ, அடக்கமே 2,467 ஆகிறது, குறைத்தால் நட்டம் என்று வண்டியை நிறுத்தி வைக்கிறது. 160 மணி எதிர்பார்த்த இடத்தில் 80 மணிதான் ஓடுகிறது. ஆண்டுக் கூட்டத்தில் கணக்கர் மறுபடி வகுக்கிறார்: 5,60,000ஐ 400 மணியால் வகுத்தால் 1,400, அடக்கம் 2,700. அடுத்த ஆண்டு வாடகை 2,700 ஆகிறது. குறுவையில் இன்னும் ஆள் குறைகிறது. குழு வண்டிகள் சில ஊர்களில் மூன்று, நான்கு ஆண்டுகளில் ஷெட்டில் முடங்கிக் கிடப்பதற்குப் பழுது மட்டுமே காரணம் இல்லை. இந்த வகுத்தல் கணக்கும் ஒரு காரணம்.

தவறு எங்கே? வண்டி சும்மா நிற்கும் நாளில் ஒருவர் வந்து ஒரு மணி நேரம் கேட்டால், அதனால் குழுவுக்குக் கூடும் செலவு 1,300 ரூபாய் மட்டுமே. தவணை அந்த மணி நேரத்தால் ஒரு பைசாகூட ஏறுவதில்லை. 1,800 கிடைத்தால் 500 ரூபாய் தவணைக்குச் சேர்கிறது. 2,450 கேட்டு வண்டியை நிறுத்தினால் ஒன்றும் சேர்வதில்லை. ஆகவே மந்த காலத்தில் வாடகையின் அடித்தளம் ஓட்டச் செலவுதான். அதற்குக் கீழே மட்டும் போகக் கூடாது.

இப்போது அதே குழு இரண்டு விலை வைக்கட்டும். குறுவை, கோடைக்கு 1,800 ரூபாய். 240 மணி நேரம் ஓடினால், மணிக்கு 500 வீதம் 1,20,000 ரூபாய் நிலைச் செலவுக்குக் கிடைக்கிறது. மீதி 4,40,000 ரூபாயைச் சம்பாவின் 320 மணி நேரம் சுமக்க வேண்டும், மணிக்கு 1,375. ஓட்டச் செலவோடு சம்பா வாடகை 2,675. ஒரே விலை வைத்து முடங்கிய குழுவின் 2,700ஐவிட இது 25 ரூபாய் குறைவு. குறுவைக்காரருக்கு மலிவாகக் கொடுத்ததால் சம்பாக்காரர் தலையில் சுமை ஏறவில்லை. ஆனால் இதெல்லாம் 240 மணி நேரம் உண்மையில் ஓடினால்தான். 224 மணிக்குக் கீழே போனால் சம்பா வாடகை 2,700ஐத் தாண்டும். எனவே விலையைக் குறைத்தால் மட்டும் போதாது. பக்கத்து ஊர்க் குறுவை வயல்களை முன்கூட்டியே கேட்டு எழுதி வைக்க வேண்டும்.

ஓட்டச் செலவைக் கணக்கிடும்போது பலரும் தவறவிடுவது லாரியை. 1,300 என்பது வண்டி ஏற்கெனவே ஊரில் இருந்தால் ஆகும் செலவு. வேறு ஊருக்கு ஏற்றிச் செல்ல 4,000 ரூபாய் ஆகிறது, அங்கே 3 மணி நேர வேலைதான் என்று வையுங்கள். அந்த 4,000 ரூபாயும் அந்த வேலைக்காகவே கூடும் செலவு. மணிக்கு 1,333 ஏறி, உண்மையான ஓட்டச் செலவு 2,633 ஆகிவிடும். அங்கே 1,800க்குப் போவது சலுகை அல்ல, கைக்காசு. அதே ஊரில் நான்கைந்து பேர் சேர்ந்து 10 மணி நேரம் தந்தால் லாரிக்கு மணிக்கு 400 ஆகிறது. ஓட்டச் செலவு 1,700, அப்போது 1,800 சரி. மந்த கால விலையை அறிவிக்கும்போது குறைந்தபட்ச மணி நேரத்தையும் சேர்த்து அறிவிக்க வேண்டியது இதனால்தான்.

சம்பாவில் நிலைமை தலைகீழ். வண்டி முழு நேரமும் பிடிபட்டிருக்கிறது. அப்போது ஒருவருக்குக் கொடுக்கும் ஒரு மணி நேரத்தின் செலவு 1,300 அல்ல. வரிசையில் நிற்கும் இன்னொருவர் இழக்கும் ஒரு மணி நேரம். பழுத்த நெல் காத்திருந்தால் உதிரும், மழை வந்தால் சாயும். நிர்வாகி தெரிந்தவருக்கு 1,800க்கு விட்டால் குழுவுக்கு 875 ரூபாய் நட்டம், பின்னால் நிற்பவருக்கு ஒரு மணி நேரம் தாமதம். வயலோரத்தில் தினமும் நடக்கும் இன்னொன்றைப் பாருங்கள். வண்டியின் தொட்டி நிரம்பிவிட்டது, நெல்லைக் கொட்ட டிராக்டர் வரவில்லை. அரை மணி நேரம் நிற்கிறது. ஐப்பசியில் இதை விட்டுவிடலாம். தையில் அது 1,337 ரூபாய். சம்பாவுக்கு மட்டும், 10 நிமிடத்துக்கு மேல் காத்திருந்தால் முழு வாடகை என்று விதி வைத்தால் டிராக்டர்கள் நேரத்துக்கு வரும். விலை ஏற்றாமலே வண்டிக்குக் கூடுதல் நேரம் கிடைக்கும்.

நெருக்கடி காலத்தில் விலை ஏறலாம் என்றால் எவ்வளவும் ஏறலாமா? இல்லை. இங்கேதான் மாவட்ட அளவிலான பேச்சுவார்த்தையில் ஒரு கேள்வி விடுபடுகிறது என்று நினைக்கிறேன். ஒவ்வொரு வண்டியிலும் ஓடிய நேரத்தைக் காட்டும் மீட்டர் இருக்கிறது. டெல்டாவுக்கு வரும் தனியார் வண்டிகளில் பல, இங்கே அறுவடை முடிந்ததும் கேரளத்துக்கும் மற்ற இடங்களுக்கும் போகின்றன. ஒரு வண்டி இங்கே 320 மணி, வெளியே 500 மணி ஓடுகிறது என்றால், அதே 5,60,000 ரூபாய் 820 மணி நேரத்தில் பரவுகிறது: மணிக்கு 683. ஓட்டச் செலவோடு 1,983. மேலே லாரிச் செலவும் லாபமும். ஆண்டுத் தவணை முழுவதையும் டெல்டா விவசாயியிடம் 40 நாளில் கேட்பதற்கு அந்த வண்டிக்கு நியாயம் இல்லை. ஷெட்டை விட்டு வெளியூர் போகாத குழு வண்டிக்கு இருக்கிறது. மீட்டர் கணக்கைக் கேட்காமல் இரண்டுக்கும் ஒரே எண்ணை நிர்ணயித்தால், ஒருவருக்கு அது கொழுத்த லாபம், இன்னொருவருக்குப் போதாது. பொதுவில் அளவுக்கு மீறிக் குறைத்து நிர்ணயித்தாலும் வண்டி பெருகாது. அடுத்த மாவட்டத்துக்குப் போய்விடும், அல்லது ஓட்டுநர் வேகமாக ஓட்டி வைக்கோலோடு நெல்லை வெளியே தள்ளுவார். வண்டி போன தடத்தில் உதிர்ந்த மணிகளைக் குனிந்து பார்த்தால் தெரிந்துவிடும்.

மின்சாரத்தில் உச்ச நேர விலை வைத்தால் மோட்டாரை வேறு நேரத்தில் போடலாம். அதுபோல, தையில் வாடகை கூடினால் விவசாயிகள் அறுவடையைத் தள்ளி வைப்பார்கள், கூட்டம் குறையும் என்று பொருளாதாரப் புத்தகம் சொல்லும். நெல்லில் இது பெரும்பாலும் நடக்காது. கதிரில் 80 முதல் 85 சதவீத மணிகள் பொன்னிறமானபின் சில நாள்தான் அவகாசம். அறுவடை நாள் தையில் முடிவாவதில்லை. விதைத்த நாளிலும் ரகத்திலும் முடிவாகிவிட்டது. சி.ஆர். 1009 சப் 1 போட்டவருக்கு 155 நாள், ஆடுதுறை 39 போட்டவருக்கு ஏறக்குறைய 125 நாள். ஆகவே நெருக்கடி விலையையும், அதற்கு முன்னும் பின்னும் உள்ள வாரங்களின் குறைந்த விலையையும் விதைப்புக்கு முன்பே அறிவித்து முன்பதிவு வாங்கினால்தான் அதற்கு ஏதாவது பயன்.

அப்போதும் அளவு தெரிந்திருக்க வேண்டும். ஏக்கருக்கு ஒன்றேகால் மணி நேரம், மணிக்கு 500 ரூபாய் வித்தியாசம் என்றால் மிச்சம் 625 ரூபாய். 60 கிலோ நெல் மூட்டை இன்றைய கொள்முதல் விலையில் 1,400 ரூபாய்க்கு மேல். அறுவடையை மார்கழிக்கு முன்னே இழுத்தால் பூக்கும் பருவம் வடகிழக்குப் பருவமழையில் சிக்கிப் பதர் விழும். பின்னே தள்ளினால், மேட்டூர் அணை வழக்கமாக மூடும் ஜனவரி 28க்குப் பிறகு பால் பிடிக்கும் பயிருக்குத் தண்ணீர் இருக்காது. அரை மூட்டை குறைந்தாலே மிச்சம் போய்விடும். ஆழ்துளைக் கிணறு உள்ளவர் வேண்டுமானால் இரண்டு வாரம் பின்னே போகலாம். ஆற்றுத் தண்ணீரை மட்டும் நம்பும் கடைமடைக்காரருக்கு அந்த வழி கிடையாது. அவர்களுக்குச் சம்பா வாடகையைக் குறைக்க நம் கையில் இருப்பது, அதே வண்டியைக் குறுவையிலும் கோடையிலும் 1,800க்கு 240 மணி நேரமோ அதற்கு மேலோ ஓட வைப்பதுதான். குறுவை அறுவடைக்கு முன்பே குழுவின் பதிவேட்டை எடுத்து, மீட்டரில் இன்று என்ன எண் நிற்கிறது என்று குறித்து வையுங்கள்.