நான் வீடு மாறவில்லை

பெறுநர்: வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு

பொருள்: பிராட்பேண்ட் இணைப்பு தர வேண்டிய முகவரியை உறுதி செய்வதும், தவறாகப் பதிவான சேவை இருப்பிடத்தைத் திருத்தக் கோருவதும்.

ஐயா / அம்மா,

என் வீடு திருவண்ணாமலை செங்கம் சாலையில், ரமணாசிரமத்துக்கு அருகே பிரியும் ஒரு குறுக்குத் தெருவில் இருக்கிறது. பின்கோடு 606603. விண்ணப்பத்தில் இதைத்தான் எழுதினேன். பணம் கட்டியதற்கு நீங்கள் தந்த ரசீதிலும் இதுதான் அச்சாகியிருக்கிறது. அப்படியிருந்தும் உங்கள் ஆட்கள் போய் நிற்பது தேரடித் தெருவில். அங்கிருந்து போன் செய்து, "சார், ராஜகோபுரத்துக்கு எதுத்தாப்புல நிக்கிறேன், வீடு எந்தப் பக்கம்?" என்று கேட்கிறார்கள். அங்கிருந்து என் வீட்டுக்கு ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர். வழி சொல்லி முடிப்பதற்குள் அந்தப் பையனுக்கு அடுத்த வேலைக்கு நேரமாகிவிடுகிறது. சாயங்காலம் எனக்குக் குறுஞ்செய்தி வருகிறது: வாடிக்கையாளர் வீட்டில் இல்லாததால் வேலை முடித்துவைக்கப்பட்டது. நான் வீட்டில்தான் இருந்தேன். வாசலிலேயே காத்திருந்தேன்.

உங்கள் சேவை மையத்தில் பேசுகிறவர்கள் ஒவ்வொரு முறையும் என் முகவரியை வாசித்துக் காட்டி, "சரியா சார்?" என்று கேட்கிறார்கள். சரிதான் என்கிறேன். "அப்போ அட்ரஸ்ல தப்பே இல்லையே சார்" என்று போனை வைத்துவிடுகிறார்கள். என் ஆற்றாமையே இங்கேதான். அவர்கள் வாசிப்பது பில் அனுப்புவதற்கான முகவரி. ஊழியரை அனுப்புவதும், கேபிள் எந்தப் பெட்டியிலிருந்து வர வேண்டும் என்று முடிவு செய்வதும் அதை வைத்து அல்ல. சேவை இருப்பிடம் என்று வேறொரு பதிவு இருக்கிறது. வரைபடத்தில் வைத்த ஒரு புள்ளி அது. எழுத்து செங்கம் சாலையில் இருக்க, புள்ளி தேரடியில் இருக்கிறது. எழுத்தை எத்தனை முறை உறுதி செய்தாலும் புள்ளி நகராது. உங்கள் செயலியில் 'முகவரி மாற்றம்' என்ற இடத்தில் போய் நானே திருத்திப் பார்த்தேன். அங்கேயும் மாறியது பில் முகவரிதான்.

புள்ளி அங்கே எப்படிப் போனது என்பதையும் கண்டுபிடித்துவிட்டேன். வழி கேட்ட பையன்களில் ஒருவர் மட்டும் பொறுமையாக என் வீடு வரைக்கும் வந்து, அவர் போனில் இருந்த வேலைச் சீட்டைக் காட்டினார். இருப்பிடம் என்ற இடத்தில் 12.23, 79.07 என்று இருந்தது. தசமப் புள்ளிக்குப் பிறகு இரண்டே இலக்கம். இரண்டாம் இலக்கத்தில் ஒன்று கூடினாலோ குறைந்தாலோ தரையில் ஒரு கிலோமீட்டருக்கு மேல் நகர்ந்துவிடும். ஒரு வீட்டைக் காட்ட குறைந்தது நான்கு இலக்கமாவது வேண்டும். அப்போதுதான் பிழை பத்துப் பதினொரு மீட்டருக்குள் நிற்கும். இப்படி மொட்டையாக ஓர் எண் இருந்தாலே, யாரும் வாசலில் நின்று குறித்தது அல்ல, கணினி ஊரின் நடுவை எடுத்துப் போட்டது என்று சந்தேகப்பட்டிருக்க வேண்டும். எங்கள் ஊரின் நடு என்றால் கோயில். அதனால் புள்ளி கோயிலை ஒட்டி விழுந்திருக்கிறது.

கணினிக்கு என் முகவரி ஏன் பிடிபடவில்லை? எங்கள் வீட்டுக்குப் புது எண்ணும் பழைய எண்ணும் உண்டு. தமிழ்நாட்டில் பல வீடுகளுக்கு அப்படித்தான். நாங்கள் 31/14 என்று எழுதுவோம். உங்கள் படிவம் சாய்கோட்டை ஏற்பதில்லை. அது உதிர்ந்துபோய், சேவை இருப்பிடத்துக்கான தேடலில் 3114 என்று பதிவாகியிருக்கிறது. எங்கள் தெருவில் ஐம்பது வீடுகூட இல்லை. 3114-ஐத் தேடிக் கிடைக்காமல் கணினி தெருவை விட்டுவிட்டது, பிறகு பின்கோடையும் விட்டுவிட்டது, கடைசியில் ஊர்ப் பெயரை மட்டும் பிடித்துக்கொண்டது. பின்கோடாவது வேறுபாட்டைக் காட்டியிருக்க வேண்டும். கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களுக்கு 606601, எங்கள் பக்கத்துக்கு 606603. ரசீதில் ஒரு பின்கோடும் புள்ளி விழுந்த இடத்தில் வேறொரு பின்கோடும் இருப்பதை ஒப்பிட்டுப் பார்க்க ஒருவரும் இல்லையா?

ஊழியர் வீடு தேடி அலைவது மட்டும்தான் இதன் விளைவு என்றால் நான் இவ்வளவு எழுதமாட்டேன். வழி சொல்லி வரவழைத்துவிடலாம். அன்று அந்தப் பையன் வந்தாரே, அவர் வேலையையும் முடித்தார். எங்கள் தெருமுனைக் கம்பத்தில் உங்கள் பெட்டி தொங்குகிறது. அதில் காலி போர்ட் இருந்தது. கம்பத்திலிருந்து வீட்டுக்குக் கேபிள் இழுத்து, மோடத்தில் செருகினார். மீட்டர் வைத்துப் பார்த்தபோது மைனஸ் 21 டிபிஎம் என்று காட்டியது. மைனஸ் 27 வரை இறங்கினாலும் பொதுவாக இணைப்பு ஓடும் என்பதால் வெளிச்சத்துக்குக் குறைவே இல்லை. எல்ஓஎஸ் என்ற சிவப்பு விளக்கு எரியவில்லை. அது எரிந்திருந்தால் கேபிளில் வெளிச்சமே வரவில்லை என்று பொருள். பான் என்ற பச்சை விளக்கு மட்டும் நிலையாக நிற்காமல் சிமிட்டிக்கொண்டே இருந்தது. அப்படியென்றால் வெளிச்சம் வந்து சேர்கிறது, ஆனால் மறுமுனையில் இருக்கும் உங்கள் கருவி இந்த மோடத்தை ஏற்கவில்லை.

காரணத்தை அவர்தான் விளக்கினார். ஆர்டர் பதிவானபோதே, புள்ளிக்குப் பக்கத்தில் இருக்கும் பெட்டியில் ஒரு போர்ட்டை எனக்கென்று கணினி ஒதுக்கிவிட்டது. அந்தப் பெட்டி தேரடிப் பக்கம் இருக்கிறது. மோடத்தின் வரிசை எண்ணும் அந்தப் பாதையில்தான் பதிவாகியிருக்கிறது. செங்கம் சாலைப் பெட்டிக்கு வெளிச்சம் வருவது வேறு பாதையில். அங்கே இந்த வரிசை எண்ணைத் தெரிந்தவர் இல்லை. "சார், கேபிள்ல ஒண்ணும் கோளாறு இல்ல. ஆபீஸ்ல லொகேஷன மாத்தினா ரெண்டே நிமிஷத்துல லைன் வந்துடும். என் கையில அது இல்ல சார்" என்றார். வெயிலில் கம்பம் ஏறி இறங்கியவர் அவர். வேலை முடியவில்லை என்பதால் அவருக்கு அன்றைய கூலியில் பிடித்தார்களோ என்னவோ. அவர்மேல் ஒரு குறையும் சொல்ல வேண்டாம் என்று இந்தக் கடிதத்தில் தனியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இதைச் சேவை மையத்தில் சொன்னபோது கிடைத்த பதில்தான் என்னை உட்கார்ந்து எழுத வைத்தது. "ஷிஃப்டிங் ரிக்வஸ்ட் போடுங்க சார், கட்டணம் உண்டு" என்றார்கள். ஷிஃப்டிங் என்பது வீடு மாறுகிறவர்களுக்கு. நான் எங்கேயும் மாறவில்லை. தேரடித் தெருவில் நான் ஒரு நாளும் குடியிருந்ததில்லை. நான் இல்லாத இடத்தில் உங்கள் கணினி என்னைக் குடிவைத்துவிட்டு, அங்கிருந்து என் சொந்த வீட்டுக்கு வர என்னிடமே கட்டணம் கேட்பது எந்த ஊர் நியாயம்? ஆர்டரை ரத்து செய்துவிட்டுப் புதிதாகப் போடச் சொன்னார் இன்னொருவர். அதே படிவம், அதே சாய்கோடு, அதே 3114. மறுபடியும் தேரடியில்தான் போய் விழும்.

இணைப்பு வந்துவிட்டாலும் இந்தப் புள்ளியைத் திருத்தாமல் விட்டால் தொல்லை தீராது. தேரடிப் பக்கம் கேபிள் அறுந்தால் உங்கள் பகுதியில் பழுது என்று எனக்குச் செய்தி வரும். எங்கள் பக்கம் நிஜமாகவே அறுந்தால் உங்கள் பகுதியில் பழுது எதுவும் இல்லை என்று என் புகாரை மூடுவார்கள். கார்த்திகை தீபத்துக்குத் தேர் ஓடும்போது மாட வீதியில் குறுக்கே போகும் வயர்களைக் கழற்றினால், உங்கள் கணக்கில் என் லைனும் கழன்றதாகிவிடும். இன்னொன்றும் மனதை அறுக்கிறது. தேரடிப் பெட்டியில் இருப்பது எட்டோ பதினாறோ போர்ட்டுகள்தான். அதில் ஒன்று யாருக்கும் பயன்படாமல் என் பெயரில் பூட்டிக் கிடக்கிறது. அந்தத் தெருவில் பாத்திரக்கடையோ தங்கும் விடுதியோ நடத்துகிற ஒருவருக்கு இதனாலேயே போர்ட் இல்லை என்று நீங்கள் சொல்லிக்கொண்டிருக்கலாம்.

ஆகவே கீழ்க்கண்டவற்றை எழுத்தில் உறுதி செய்கிறேன். இணைப்பு தர வேண்டிய இடம் செங்கம் சாலைக் குறுக்குத் தெருவில் உள்ள என் வீடு மட்டுமே. கதவு எண் புதியது 31, பழையது 14. இவை இரண்டும் தனித்தனி எண்கள், சேர்த்துப் பதியக் கூடாது. பின்கோடு 606603. வீட்டு வாசலில் நின்று எடுத்த அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை ஐந்து தசம இலக்கங்களோடு இணைத்திருக்கிறேன். அஞ்சல் துறை 2025 மே மாதம் தொடங்கிய டிஜிபின் முறையில் எங்கள் வாசலுக்குக் கிடைக்கும் பத்தெழுத்துக் குறியீட்டையும் சேர்த்திருக்கிறேன். அது நான்கு மீட்டருக்கு நான்கு மீட்டர் கட்டம் என்பதால் தெரு பெயர், கதவு எண் குழப்பத்துக்கு இடமே இல்லை. வீட்டுவரி ரசீது, மின் கட்டண அட்டை ஆகியவற்றின் நகல்கள் உண்டு. தெருமுனைக் கம்பத்தின் எண்ணும், அதில் தொங்கும் உங்கள் பெட்டியின் மூடியில் எழுதியிருக்கும் எண்ணும் தெரியும்படி ஒரு படமும் வைத்திருக்கிறேன். உங்கள் பொறியாளருக்கு மற்ற எல்லாவற்றையும்விட இந்தப் படம்தான் உதவும்.

நான் கேட்பது இவ்வளவுதான். 12.23, 79.07 என்ற இருப்பிடத்தை நீக்கிவிட்டு நான் தந்த எண்களைப் பதியுங்கள். தேரடிப் பெட்டியில் ஒதுக்கிய போர்ட்டை விடுவியுங்கள். படத்தில் உள்ள பெட்டியில் ஏற்கெனவே கேபிள் செருகியிருக்கும் போர்ட்டை என் ஆர்டரோடு சேர்த்து, மோடத்தின் வரிசை எண்ணை அந்தப் பாதைக்கு மாற்றுங்கள். இது பதிவுத் திருத்தம், இடமாற்றம் அல்ல என்று குறித்து, கட்டணம் இல்லை என்பதையும் எழுதுங்கள்.

இந்தக் கடிதத்துக்குப் புகார் எண் தர வேண்டும். ட்ராய் 2012-ஆம் ஆண்டு கொண்டுவந்த புகார் தீர்வு விதிமுறைகளின்படி அது என் உரிமை. தீர்வு திருப்தி தராவிட்டால் உங்கள் நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் கட்டணமின்றி முறையிடலாம், அவர் 39 நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்பதும் அதே விதிமுறைகளில் இருக்கிறது. அதுவரை போக எனக்கு விருப்பமில்லை. என் மகள் இணையவழியில் பாடம் எடுத்துச் சம்பாதிக்கிறாள். போன் டேட்டா தீர்ந்த நாளில் பக்கத்து வீட்டு மாடிப்படியில் உட்கார்ந்து வகுப்பு நடத்துகிறாள். அவர்கள் முகம் சுளிக்கவில்லை, ஆனால் எத்தனை நாளைக்கு அங்கே போய் உட்காருவாள்?

திருத்திய பிறகு, சேவை இருப்பிடம் என்ற பதிவு இப்போது எதைக் காட்டுகிறது என்பதை அப்படியே படியெடுத்து அனுப்புங்கள். பில் முகவரியை அனுப்ப வேண்டாம், அது முதலிலிருந்தே சரியாகத்தான் இருக்கிறது. பதிவு மாறும்வரை ஆளையும் அனுப்ப வேண்டாம். கேபிள் ஏற்கெனவே வீட்டுக்குள் வந்து நிற்கிறது, மோடமும் மின்சாரத்தில்தான் இருக்கிறது. நீங்கள் அங்கிருந்தே மாற்றினால் போதும்.

இப்படிக்கு,
செங்கம் சாலை வாடிக்கையாளர்
திருவண்ணாமலை 606603