வாடகையும் கடன்தான்

மூன்று வருஷத்துக்கு நிலத்தைக் குத்தகைக்கு எடுத்தவரிடம் கடன் உண்டா என்று கேட்டால், இல்லை என்றுதான் சொல்வார். ஆனால் விளைந்தாலும் விளையாவிட்டாலும் பேசிய தொகையை அவர் கொடுத்தே ஆக வேண்டும். பெரிய கம்பெனிகளும் பல காலம் இப்படித்தான் இருந்தன. பெரும்பாலான விமானங்களைக் குத்தகைக்கு எடுத்து ஓட்டும் விமான நிறுவனங்களின் பேலன்ஸ் ஷீட்டில் அந்த விமானங்களும் இல்லை, கட்டவேண்டிய வாடகையும் இல்லை. பேலன்ஸ் ஷீட்டில் உள்ள விமானத்தில் சாவதற்கு முன் ஒரு தடவை பறந்துவிட வேண்டும் என்று, சர்வதேசக் கணக்கியல் வாரியத் தலைவராக இருந்த டேவிட் ட்வீடி கேலி செய்தது இதைத்தான்.

நம் நாட்டில் இது 1-4-2019 முதல் மாறியது. அன்று வந்த இந்தியக் கணக்கியல் தரநிலை 116, பங்குச் சந்தையில் உள்ள கம்பெனிகளையும் மற்ற பெரிய கம்பெனிகளையும் கட்டுப்படுத்துகிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். அப்படி ஒரு கம்பெனி உத்திரமேரூரில் மூன்று வருஷத்துக்குக் கடை எடுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வாடகை வருஷக் கடைசியில் 1 லட்சம். வட்டி 10 சதவீதம் என்றால், கட்டப்போகும் 3 லட்சத்தின் இன்றைய மதிப்பு 2,48,685 ரூபாய். கடை கைக்கு வந்த அன்றே இந்தத் தொகை கடன் பக்கம் ‘குத்தகைப் பொறுப்பு’ என்றும், சொத்துப் பக்கம் ‘பயன்பாட்டு உரிமைச் சொத்து’ என்றும் ஏறும்.

இனி செலவுக் கணக்கில் வாடகை என்ற வரியே இராது. சொத்துக்கு வருஷம் 82,895 தேய்மானம். முதல் வருஷ வட்டி 24,869. ஆக 1,07,764. கட்டியது 1 லட்சம்தான், செலவாகக் காட்டுவது அதைவிட அதிகம். கடன் குறையக் குறைய வட்டியும் குறைந்து, மூன்றாம் வருஷச் செலவு 91,986-க்கு இறங்கும். மூன்று வருஷமும் சேர்த்தால் அதே 3 லட்சம்.

இந்த மாற்றம் நியாயமானது என்பதே என் கருத்து. ஆனால் பங்கு வைத்திருக்கும் நம் வயதுக்காரர்கள் ஓர் இடத்தில் ஏமாறக் கூடாது. வட்டிக்கும் தேய்மானத்துக்கும் முந்தைய லாபம் என்று விளம்பரமாகச் சொல்கிறார்களே, அதில் வாடகை கழியவே இல்லை. நம் கடையில் அந்த லாபம் வருஷம் 1 லட்சம் கூடித் தெரியும். வியாபாரம் ஒரு ரூபாய்கூடக் கூடியிருக்காது. ரொக்க ஓட்ட அறிக்கையில் ‘நிதி நடவடிக்கைகள்’ தலைப்பின்கீழ் குத்தகைக்காகக் கட்டிய தொகை இருக்கும். அதைக் கழித்துவிட்டுப் பாருங்கள்.

இன்னொன்று. 12 மாதத்துக்கு மேற்படாத குத்தகைக்கு விலக்கு உண்டு. நம் ஊர்ப் பதினோரு மாத அக்ரிமென்ட் அதற்குள் அடங்கும். ஆனால் புதுப்பிக்கும் உரிமை கையில் இருந்து, புதுப்பிப்பதும் ஏறக்குறைய நிச்சயம் என்றால், அந்த வருஷங்களையும் சேர்த்தே கணக்கிட வேண்டும். அதை முடிவு செய்வது கம்பெனி நிர்வாகம். கடனைக் குறைத்துக் காட்ட இன்னும் திறந்திருக்கும் கதவு அதுதான்.